நண்பகல் படத்துக்கு மாலை வெயில்

தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் போட்டோகிராபர் விரும்பும் வெளிச்சம் அவருக்குக் கிடைப்பது அபூர்வம். காலையில் முகூர்த்தம், அது முடிந்ததும் மேடையில் வரிசையாக உறவினர்கள், பிறகு பந்தி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அரை மணி நேரம் வெளியே அழைத்துப்போக வீட்டார் சம்மதிக்கும்போது சூரியன் உச்சியில் நிற்கும். அன்று மாலையே ரிசப்ஷன் என்றால், வெயில் பொன்னாக இறங்கும் நேரத்தில் இருவரும் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால்தான் ஆல்பத்தில் அந்தி வெயிலில் மின்னும் படங்களில் பல, உண்மையில் பகல் பன்னிரண்டரைக்கு எடுக்கப்பட்டவை. மாலை பிறந்தது எடிட்டிங் மேசையில். இந்த வேலைக்கு முக்கியமாக இரண்டு கருவிகள் போதும். ஒன்று, ஒரு முனையில் அடர்ந்து மறுமுனையில் மறையும் கிரேடியன்ட் வண்ணப் பூச்சு. மற்றொன்று, போட்டோஷாப்பில் இருக்கும் Selective Color. செய்யத் தெரியாதவர்கள் படம் முழுவதன்மீதும் ஓர் ஆரஞ்சு ஃபில்டரைப் போட்டுவிடுகிறார்கள். மணமக்களையும் வயலையும் வானத்தையும் சேர்த்து மஞ்சள் நீரில் முக்கியெடுத்தது போல இருக்கிறது. மாலை மட்டும் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வெயிலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தைக் குறுக்குவழியில் கடந்து வருகிறது. அதே சூரியன் அடிவானத்துக்கு மேல் 5 பாகை உயரத்துக்கு இறங்கிவிட்டால், ஒளி கடக்க வேண்டிய காற்றின் அளவு சுமார் 10 மடங்காகிறது. வழியில் நீல ஒளி சிதறிப்போக, மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும். சிதறிய நீலம் வானத்திலேயே இருக்கிறது. நிழல் விழுந்த இடங்களுக்கு வெளிச்சம் தருவது அதுதான். ஆகவே உண்மையான பொன்மாலையில் வெயில் படும் பக்கம் மட்டுமே பொன்னிறம், நிழல் பக்கம் லேசான நீலம். தவிர, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் பிரகாசம், எதிர்ப்பக்கம் மங்கல். படம் மாலையாகத் தெரிவதில் நிறத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தத் திசைக்கும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படியும் ஃபில்டரால் திசையைக் காட்ட முடியாது. கிரேடியன்டால் முடியும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வயல் ஓரத்து வேப்பமர நிழலில் மணமக்கள். அவர் பட்டு வேட்டி சட்டையில், அவள் மயில் கழுத்து நிறப் பட்டில். பின்னால் பச்சை நெல்வயல், அதற்கப்பால் தென்னை வரிசை, மேலே வெளிறிய வானம். முகங்களில் வெளிச்சம் சமமாக, சப்பென்று இருக்கிறது. பின்புலம் முகங்களைவிடப் பிரகாசம். நண்பகலில் எடுத்தவற்றில் மாலைக்கு மாற்ற ஏற்ற படம் இப்படிப்பட்டதுதான். ஆட்கள் நிழலிலும் பின்புலம் வெளிச்சத்திலும் இருப்பதால், சூரியன் அவர்களுக்குப் பின்னால் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நம்பவைக்க இடம் இருக்கிறது.

ரா கோப்பாக எடுத்திருந்தால் முதலில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்து, வானத்தின் வெளிறலை Highlights ஸ்லைடரால் அடக்கிக்கொள்ள வேண்டும். மாலை வெளிச்சம் நண்பகலைவிட மென்மையானது. படம் முழுப் பிரகாசத்தில் இருந்தால் மேலே என்ன பூசினாலும் எடுபடாது. கோப்பை 16 பிட்டில் திறப்பது நல்லது. காரணம் பின்னால் வரும்.

அடுத்தது ஆட்களையும் பின்புலத்தையும் பிரிப்பது. Select > Subject கொடுத்தால் மென்பொருளே இருவரையும் தேர்ந்தெடுத்துவிடும். ஆனால் மல்லிகைச் சரமும் காற்றில் பறக்கும் முடியும் அதற்குப் பிடிபடாது. அங்கே Select and Mask சென்று தூரிகையால் ஓரங்களைத் திருத்த வேண்டும். இந்தத் தேர்வைத் தலைகீழாக்கி மாஸ்க் ஆக வைத்துக்கொண்டால், இனிச் செய்யும் நிறமாற்றம் பின்புலத்தில் மட்டும் விழும். இந்தப் படத்தில் இது கட்டாயம். மயில் கழுத்து நிறத்தின்மீது ஆரஞ்சு ஏறினால் பட்டு சாம்பல் பூத்துப்போகும். கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய புடவையின் நிறம் ஆல்பத்தில் மாறியிருந்தால் பெண் வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானதும்கூட.

இப்போது வயலுக்கு வருவோம். Selective Color என்பது அச்சுத் தொழிலிலிருந்து வந்த முறை. அதனால்தான் அதன் ஸ்லைடர்கள் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று அச்சு மைகளின் பெயரில் இருக்கின்றன. சயானைக் குறைத்தால் அந்த இடத்தில் சிவப்பு கூடும். மஜந்தாவைக் கூட்டினால் பச்சை குறையும். இது மனதில் பதிந்தால் மற்றது சுலபம். நெல்வயல் பச்சையாயிற்றே என்று பலரும் Greens பகுதியைத் திறந்து ஸ்லைடரை இழுத்துப் பார்ப்பார்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. கேமரா பார்க்கும் புல், இலை, பயிர் எல்லாவற்றிலும் மஞ்சள்தான் அதிகம். திறக்க வேண்டியது Yellows. அங்கே சயானை −45 அளவுக்குக் குறைத்து, மஜந்தாவை +10 அளவுக்குக் கூட்டினால் பயிரின்மீது வெயில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு Greens பகுதியில் சயானைச் சிறிது குறைத்தால் தென்னை ஓலைகளும் அதோடு சேர்ந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. சயானை −90க்குக் கொண்டுபோனால் வயல் பொன்னாக மின்னும். ஆனால் அது வெயில் பட்ட பயிராக இருக்காது, அறுவடைக்கு நிற்கும் முற்றிய கதிராக இருக்கும். ஊரில் நெல்லைப் பார்த்து வளர்ந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். உண்மையான மாலையிலும் பச்சைப் பயிர் பச்சைதான். நுனிகளில் மட்டும் பொன் பூசியிருக்கும். எனவே சூரியன் இருப்பதாக நாம் தீர்மானித்த பக்கத்தில் மட்டும் இந்த மாற்றம் முழுதாக இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தை மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் லேசாகத் துடைத்துவிட்டால் அங்கே பழைய பச்சை திரும்பும்.

வானத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் கருவியில் Relative, Absolute என்று இரண்டு முறைகள் உண்டு. Relative ஏற்கெனவே இருக்கும் மையை விகிதப்படி கூட்டிக் குறைக்கும். வெள்ளையாய்ப் போன வானத்தில் மையே இல்லாததால் அங்கே அது எதையும் மாற்றாது. Absolute முறையில் வைத்து, Whites பகுதியில் மஞ்சளை +20, மஜந்தாவை +5 என்று கூட்டினால் வெளிறிய வானம் சந்தன நிறத்துக்கு வரும். Blacks பகுதியைத் தொடவே வேண்டாம். நிழல்கள் குளிர்ச்சியாக இருந்தால்தான் பொன்னிறம் எடுப்பாகத் தெரியும்.

அடுத்து கிரேடியன்ட். படத்தில் தெரியும் வெளிச்சம் எந்தப் பக்கம் சற்றுக் கூடுதலோ, அந்தப் பக்கமே சூரியனை வைப்பது முறை. நம் படத்தில் அது வலப்பக்கம் என்று கொள்வோம். Layer > New Fill Layer > Gradient சென்று, #FFB066 என்ற இளம் ஆரஞ்சிலிருந்து ஒன்றுமில்லாமல் மறையும் வட்ட கிரேடியன்டை எடுத்து, அதன் மையத்தைச் சட்டகத்துக்குச் சற்று வெளியே, அடிவான உயரத்தில் நிறுத்த வேண்டும். கலப்பு முறை Screen, அடர்த்தி 40 சதவீதம். இது ஆட்களுக்குப் பின்னால், பின்புல மாஸ்க்குக்குள் இருக்கும். இடப்பக்கத்திலிருந்து இன்னொரு நேர்கோட்டு கிரேடியன்ட்: கருநீலச் சாம்பல் நிறம், கலப்பு முறை Multiply, அடர்த்தி 25 சதவீதம். முதலாவது சூரியனைக் கொண்டுவருகிறது, இரண்டாவது அதற்கு எதிர்ப்பக்கத்தை உண்டாக்குகிறது. இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது கிரேடியன்ட் ஆட்கள்மீது விழுவது. முதலாவதன் நகலை எல்லா லேயருக்கும் மேலே வைத்து, முறையை Soft Light ஆக மாற்றி, அடர்த்தியை 15 சதவீதத்துக்கு இறக்கி, வலத்தோள், வலக்கன்னம், தலைமுடியின் ஓரம் ஆகியவற்றில் மட்டும் படும்படி மாஸ்க் செய்ய வேண்டும். புடவையின் பெரும்பகுதி அப்படியே இருக்கட்டும். வானத்தில் படிக்கட்டு போல வரிகள் தெரிந்தால் அது கிரேடியன்டின் குறை. 8 பிட் கோப்பில் அது எளிதில் வரும். 16 பிட்டில் வேலை செய்து, கிரேடியன்ட் பெட்டியில் Dither டிக் செய்துவிட்டால் பெரும்பாலும் வராது.

முடிந்ததா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயரைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்க்கலாம். நிறமே இல்லாத நிலையிலும் வலப்பக்கம் வெளிச்சமாகவும் இடப்பக்கம் மங்கலாகவும் தெரிந்தால் வேலை சரி. படம் முழுக்க ஒரே சாம்பலாக இருந்தால் மாற்றியது நிறத்தை மட்டும்தான் என்று அர்த்தம். கிரேடியன்டுகளைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும்.

அதன்பின் கண் போக வேண்டிய இடம் வேட்டி. பின்புலம் பொன்னாகி, வேட்டி மட்டும் நண்பகலின் நீலம் கலந்த வெள்ளையில் நின்றால், ஆளை வெட்டி ஒட்டியது போலத் தெரியும். வேட்டியின்மீது மட்டும் Photo Filter லேயரில் ஒரு வார்மிங் ஃபில்டரைப் பத்துப் பதினைந்து சதவீதம் கொடுத்தால் அது தந்த நிறத்துக்கு வந்துவிடும். முடியின் ஓரத்தில் பழைய வயலின் பச்சைக் கோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பின்னொளியில் முடியோரம்தான் முதலில் பொன்னாக மின்னும் என்பதால் அந்தப் பச்சைக் கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். Color கலப்பு முறையில் ஒரு புதிய லேயர் வைத்து, இளம் ஆரஞ்சுத் தூரிகையால் அந்தக் கோட்டின்மீது ஒருமுறை ஓட்டினால் போதும்.

எந்தக் கருவியாலும் திருத்த முடியாத ஒன்று நிழல். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒருவரின் நிழல் அவர் உயரத்தைப் போல் ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். நண்பகலில் அது காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஆகவே முழு உருவப் படத்தை முழங்காலுக்கு மேல் கிராப் செய்துவிடுவது பாதுகாப்பு. நேர் வெயிலில் எடுத்த படத்தில் மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழுந்து, கண்குழிகள் கறுத்திருந்தால், சூரியன் தலைக்கு மேல் இருந்தது என்று அந்த முகமே சொல்கிறது. அப்படிப்பட்ட படத்தில் மாலைக்காக மெனக்கெடுவது வீண். கறுப்பு வெள்ளையாக்கினால் பிழைக்கும்.

எனவே கல்யாணத்தன்று மதியம் கேமராவோடு வெளியே போகிறவர்கள், மணமக்களை மர நிழலிலோ திண்ணையிலோ நிறுத்தி, வெயில் படும் வயலையோ தோப்பையோ அவர்களுக்குப் பின்னால் வைத்து, ரா கோப்பாகவே எடுங்கள். எடிட் செய்த கோப்பை லேயர்களோடு சேமித்து, திருத்தாத மூலப் படத்தையும் தனியே வைத்திருங்கள். ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் பெண் வீட்டாருக்கு ஒரு பக்கம் மாதிரி காட்டி, புடவை நிறம் சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.