காகம் பாடுவதற்கு முன் கதையை நிறுத்துங்கள்

எங்கள் முன்பள்ளியில் முன்பெல்லாம் காகமும் வடையும் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான், "வடையை எடுத்தது ஆர்?" என்று கேட்பேன். எல்லாரும் ஒரே குரலில் "நரி" என்பார்கள். கதையைக் கேட்ட பிள்ளை எது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னது எது என்று தெரியாது.

இப்போது நரி பாடச் சொல்லும் இடத்திலேயே நிறுத்துகிறேன். "வடை இப்ப எங்க இருக்கு?" வாயில் என்று சொல்லும் பிள்ளை கதையைக் கேட்டிருக்கிறது. "பாடினா என்ன நடக்கும்?" மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருப்பேன். கதை முன்பே தெரிந்த பிள்ளைக்கு இது ஊகமல்ல, ஞாபகம். அதனால், "வடையைக் காலுக்குக் கீழ வச்சிட்டுப் பாடினா?" என்று மாற்றிக் கேட்பேன்.

கடைசியாக, "காகத்துக்கு எப்பிடி இருந்திருக்கும்?" "கவலை" என்று வந்தால், "ஏன்?" என்பேன். "குஞ்சு பாத்துக்கொண்டிருக்குமெல்லோ, ரீச்சர்" என்றாள் ஒருத்தி. கதையில் குஞ்சே இல்லை.

"உங்கட வீட்டிலயும் இப்பிடி நடந்ததா?" என்று மட்டும் கேட்பதில்லை. இழப்பு நடந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். காகத்தின் கவலையைத் தாராளமாகச் சொல்லும் பிள்ளை, தன்னைப் பற்றிக் கேட்டால் வாய் மூடிவிடும். தானாகச் சொல்லத் தொடங்கினால் கதையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நரி காத்திருக்கும்.