பால் திரிவதும் சேறு தெளிவதும்

அடுப்பில் வைத்த பால் உடைந்து, கட்டி தனியாகவும் நீர் தனியாகவும் நின்றால் 'பால் திரிஞ்சுபோச்சு' என்கிறோம். பள்ளி வேதியியல் புத்தகமும் அதே சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கீழே இறங்குவதற்கு அங்கே 'திரிதல்' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் அது. ஆற்றில் புதுவெள்ளம் வந்த நாளில், குடத்துக் கலங்கல் தண்ணீரில் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மூடி வைக்கிறோம். காலையில் அடியில் வண்டல், மேலே தெளிந்த நீர். அதுவும் திரிதல்தான். கெட்டுப்போன பாலும் தெளிந்துபோன தண்ணீரும் ஒரே வகையைச் சேர்ந்த சங்கதிகள்.

இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதே குடத்தில் படிகாரத்துக்குப் பதில் அதே அளவு சோற்றுப்பைப் போட்டால் தண்ணீர் அப்படித் தெளியாது. இரண்டும் உப்புகள்தான். இரண்டும் நீரில் கரைந்து அயனிகளாகப் பிரியும் மின்பகுளிகள். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

முதலில், சேறு ஏன் தானாகத் தெளிவதில்லை என்று பார்க்கலாம். மணல் போட்டவுடன் அடியில் போய் உட்கார்ந்துவிடும். களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் வந்து இடிப்பதாலேயே அவை கீழே இறங்காமல் அலைந்துகொண்டிருக்கும். அப்படி அலையும்போது ஒன்றோடொன்று மோதவும் செய்யும். மோதினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மிக அருகில் வந்த எந்த இரண்டு துகளுக்கும் இடையே ஓர் ஈர்ப்பு உண்டு. ஆனால் ஒட்டுவதில்லை. களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. அதைச் சுற்றி, நீரில் உள்ள நேர்மின் அயனிகள் ஒரு மேகம்போல் சூழ்ந்திருக்கும். இரண்டு துகள்கள் நெருங்கும்போது முதலில் முட்டிக்கொள்வது இந்த மேகங்கள்தான். ஈர்ப்போ துகளை ஒட்டிய மிகக் குறுகிய தூரத்துக்குள் மட்டுமே வலுவாக வேலை செய்யும். உப்பு குறைந்த நீரில் மேகம் தடிமனாக இருப்பதால், ஈர்ப்பின் கைக்கு எட்டும் முன்பே துகள்கள் விலக்கப்பட்டுவிடுகின்றன.

நீரில் உப்பு கரையக் கரைய, அயனிகள் துகளுக்கு அருகிலேயே நெருக்கமாகக் கூடி அதன் மின்சுமையை மறைக்கின்றன. மேகம் மெலிகிறது. ஒரு கட்டத்தில் துகள்கள் ஈர்ப்பு எட்டும் தூரம்வரை வந்துவிடுகின்றன. பிறகு மோதும் ஒவ்வொன்றும் ஒட்டிக்கொள்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் வண்டல் படிந்து மேடாவதில் இதற்கும் பங்கு உண்டு. ஓட்டம் குறைவது ஒரு காரணம், உப்பு மற்றொன்று. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆக, சோற்றுப்பாலும் சேற்றைத் திரிக்க முடியும், அளவு மட்டும் அதிகம் வேண்டும்.

எவ்வளவு அதிகம் என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஹான்ஸ் ஷூல்ஸ். 1882-இல் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஆர்சனிக் சல்பைடு. நீரில் மஞ்சள் நிறக் கூழ்மமாக மிதக்கும் அந்த நச்சுப் பொருளின் துகள்களும் களிமண்ணைப் போலவே எதிர்மின்சுமை கொண்டவை. இன்று ஆய்வகங்களில் செய்யும் சோதனை எளிமையானது. வரிசையாகச் சோதனைக்குழாய்களை வைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு கூழ்மத்தை ஊற்றி, ஒவ்வொன்றிலும் சற்றே கூடுதலாக உப்புக் கரைசலைச் சேர்த்து இரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். எந்தக் குழாயில் முதன்முதலாகத் துகள் திரிந்து படிகிறதோ, அந்தச் செறிவே அந்த உப்பின் திரிதல் மதிப்பு. ஒரு எச்சரிக்கை: உப்பைச் சிறிது சிறிதாக, நாள் கணக்கில் சேர்த்தால் கூடுதலாகத் தேவைப்படும். ஒரே மூச்சில் சேர்த்தால்தான் எண்கள் ஒப்பிடத்தக்கவை.

பாடப்புத்தகங்களில் வரும் ஆர்சனிக் சல்பைடு மதிப்புகளைப் பத்து லிட்டர் வாளிக்கு மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்தேன். சோடியம் குளோரைடு, அதாவது சோற்றுப்பு, லிட்டருக்கு 51 மில்லிமோல். வாளிக்குச் சுமார் 30 கிராம், இரண்டு மேசைக்கரண்டி அளவு. கால்சியம் குளோரைடு 0.65 மில்லிமோல். வாளிக்கு முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு. அலுமினியம் குளோரைடு 0.093 மில்லிமோல். வாளிக்கு ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு, விரல் நுனியில் ஒட்டும் ஒரு சிட்டிகை. சோடியத்தின் மின்சுமை ஒன்று, கால்சியத்துக்கு இரண்டு, அலுமினியத்துக்கு மூன்று. மின்சுமை ஒன்றிலிருந்து மூன்றாகக் கூடும்போது தேவையான அயனிகளின் எண்ணிக்கை ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மும்மடங்கு மின்சுமைக்கு மும்மடங்கு வலிமை என்று எதிர்பார்த்தவருக்கு இது பெரிய வியப்பு.

எந்த அயனியின் மின்சுமை கணக்கில் வருகிறது என்பதை 1900-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பேட் ஹார்டி தெளிவாக்கினார். துகளின் மின்சுமைக்கு எதிரான மின்சுமை கொண்ட அயனியே வேலையைச் செய்கிறது. கால்சியம் குளோரைடில் குளோரைடு இரண்டாக இருப்பது கணக்கில் சேராது. துகள் நேர்மின்சுமை கொண்டதானால் ஆட்டம் அப்படியே திரும்பிவிடும். கொதிநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் செம்பழுப்பான ஃபெரிக் ஹைட்ராக்சைடு கூழ்மம் கிடைக்கும். அதன் துகள்கள் நேர்மின்சுமை கொண்டவை. அதைத் திரிக்கப் பொட்டாசியம் குளோரைடு 9 மில்லிமோல் வேண்டும். பொட்டாசியம் சல்பேட்டோ 0.2 மில்லிமோலே போதும். இரண்டிலும் பொட்டாசியம் ஒன்றுதான். மாறியது சல்பேட்டின் இரட்டை எதிர்மின்சுமை. இருவர் பெயரிலும் இது ஹார்டி–ஷூல்ஸ் விதி எனப்படுகிறது.

இனி, ஏன் இவ்வளவு பெரிய வேறுபாடு? துகள் தன் எதிர்மின்சுமையால் நேர்மின் அயனிகளைத் தன்பக்கம் இழுக்கிறது. வெப்ப அலைச்சலோ அவற்றைக் கலைத்து விரட்டுகிறது. இந்த இழுபறியில், ஒற்றை மின்சுமை கொண்ட அயனிகள் துகளின் அருகே, தொலைவில் இருப்பதைப்போல் பத்து மடங்கு நெருக்கமாகக் கூடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் இரட்டை மின்சுமை அயனிகள் இருபது மடங்கு கூடும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை, நூறு மடங்கு கூடும். மும்மை மின்சுமை அயனிகள் ஆயிரம் மடங்கு. இழுக்கும் ஆற்றல் கூட்டலாக உயரும்போது கூட்டத்தின் நெருக்கம் பெருக்கலாக உயர்கிறது. நீரில் எங்கோ சிதறிக் கிடக்கும் சில அலுமினிய அயனிகள்கூடத் துகளின் தோலருகே வந்து குவிந்துவிடுவதால், மேகம் உடனே சுருங்கிவிடுகிறது.

சோவியத்தின் டெர்யாகின், லாண்டாவ் இருவரும் 1941-இலும், நெதர்லாந்தின் வெர்வே, ஓவர்பீக் இருவரும் 1948-இலும் இந்த விலக்கலையும் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். துகளின் மின்சுமை வலுவாக இருக்கும் நிலையில், திரிக்கத் தேவையான செறிவு அயனியின் மின்சுமையின் ஆறாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறைய வேண்டும் என்று விடை வந்தது. இரண்டின் ஆறாம் அடுக்கு 64, மூன்றின் ஆறாம் அடுக்கு 729. சோற்றுப்பின் 51-ஐ 64-ஆல் வகுத்தால் 0.8, சோதனையில் கண்டது 0.65. 729-ஆல் வகுத்தால் 0.07, கண்டது 0.093. சோதனைக்குழாயோடு இவ்வளவு நெருங்கி வரும் கணக்கு எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. துகளின் மின்சுமை வலுவற்றதானால் அடுக்கு ஆறுக்கும் கீழே இறங்கும். அது இந்தக் கணக்கின் எல்லை.

குடத்துப் படிகாரத்துக்கு வருவோம். அங்கே இன்னொரு வேலையும் நடக்கிறது. அலுமினிய அயனி சாதாரண நீரில் நெடுநேரம் தனித்திருக்காது. நீரோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற பஞ்சுபோன்ற கட்டியாகி, சேற்றுத் துகள்களை வாரிக்கொண்டு இறங்கும். இப்படி வினைபுரியும்போது நீர் சற்றே புளிப்பாகிறது. அந்தப் புளிப்பை ஈடுகட்டும் காரத்தன்மை நீரில் இல்லாவிட்டால் பஞ்சு உருவாகாது. குடிநீர் நிலையங்களில் சில சமயம் சுண்ணாம்பும் சேர்ப்பது அதற்காகவே. படிகாரம் அதிகமாகிவிட்டாலும் கெடுதல் உண்டு. துகள்கள் அளவுக்கு மீறி அலுமினியத்தை ஏற்று நேர்மின்சுமை அடைந்து, மறுபடி ஒன்றையொன்று விலக்கத் தொடங்கலாம். போட்டது கூடியும் தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். அதனால்தான் நிலையங்களில் ஆறு குடுவைகளில் வெவ்வேறு அளவு போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு கால் மணி நேரத்துக்கு மேல் மெதுவாகவும் கலக்கி, எது நன்றாகத் தெளிகிறது என்று பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள். தெளிந்த நீரும் கிருமி நீங்கிய நீர் ஆகிவிடாது. காய்ச்சிக் குடிப்பதே சரி. தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைப்பது வேறு வழி. அதிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகளுக்குத் துகள் பாலம் போட்டுப் பிணைக்கின்றன.

இப்போது பாலுக்கு வரலாம். ஒரே பாத்திரத்தில் இரண்டு வகைக் கூழ்மங்கள் அதில் குடியிருக்கின்றன. ஒன்று கேசின் என்ற புரதத்தின் நுண்ணிய உருண்டைகள். நீர்மத்தில் திண்மத் துகள் மிதந்தால் அதைச் 'சால்' என்கிறார்கள். கேசின் ஏறக்குறைய அப்படி நடந்துகொள்வது. மற்றொன்று கொழுப்புத் துளிகள். நீர்மத்தில் இன்னொரு நீர்மம் துளிகளாக மிதந்தால் அது 'பால்மம்'; பெயரே பாலிலிருந்துதான் வந்தது.

காய்ச்சிய பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அமிலம் கேசினின் எதிர்மின்சுமையைக் குறைக்கிறது. புளிப்பு ஏறி பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது மின்சுமை ஈடாகிவிட, கேசின் திரிந்து கட்டியாகிறது. அதைத் துணியில் வடிகட்டினால் பன்னீர். கொழுப்பு என்ன ஆயிற்று? அது எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கவில்லை. துளிகள் துளிகளாகவே பன்னீருக்குள் சிக்கிக்கொண்டன. சேற்றையும் கேசினையும் ஒட்டவைத்த அதே வேதியியல் அவற்றை ஒன்றாக்கவில்லை.

பால்மமும் சாலும் பிரியும் இடம் இதுதான். திண்மத் துகள்கள் தொட்டால் ஒட்டும், ஆனால் ஒட்டிய பிறகும் துகள்கள்தான்; திரிதல் அத்தோடு முடிந்தது. நீர்மத் துளிகள் தொட்டால் ஒன்றாகி, இரண்டு துளி ஒரே துளியாகிவிடலாம். அதைத் தடுப்பது ஒவ்வொரு துளியையும் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல். பாலில் அது புரதமும் கொழுப்புவகைப் பொருளும் சேர்ந்த படலம். அத்தகைய தோலைத் தரும் பொருளுக்குப் பால்மக்காரணி என்று பெயர். அது இல்லாமல் எண்ணெயும் நீரும் எவ்வளவு குலுக்கினாலும் சில நிமிடங்களில் பிரிந்துவிடும். பால்மத்துக்குப் பெரும்பாலும் காவல் மின்சுமை மட்டும் அல்ல, இந்தத் தோலும்கூட. உப்பைப் போட்டு மேகத்தைச் சுருக்கினால் துளிகள் நெருங்கி நிற்கும், அவ்வளவே. தோல் கிழியாதவரை உள்ளிருக்கும் எண்ணெய் ஒன்று சேராது.

சில பால்மங்களை மின்பகுளி உடைக்கவும் செய்யும். சோப்பால் நிலைநிறுத்திய எண்ணெய்ப் பால்மத்தில் கால்சியம் உப்பைச் சேர்த்தால், சோப்பு கரையாத கால்சியம் சோப்பாகிவிடும். கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரித்திரியாக மிதக்கிறதே, அதே மாற்றம். அங்கே உப்பு கெடுப்பது தோலையே.

பாலின் தோலைக் கிழிக்கப் பாட்டிமார் கையாண்டது மத்து. தயிரைக் கடையும்போது துளிகள் இடித்து, படலம் கிழிந்து, உள்ளே பாதி உறைந்த கொழுப்பு ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வெண்ணெயாகத் திரள்கிறது. வெயில் காலத்தில் வெண்ணெய் திரளாமல் வழுவழுவென்று நிற்கும்போது குளிர்ந்த நீர் விடுவார்கள். கொழுப்பு முழுக்க உருகிக்கிடந்தால் பிடிப்பு இல்லை, சற்றே உறைய வேண்டும். திரண்ட வெண்ணெய்க்குள் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர் துளிகளாக அடைபட்டிருக்கும். நீருக்குள் கொழுப்பாக இருந்தது கொழுப்புக்குள் நீராகப் புரண்டுவிட்டது. பாலில் தண்ணீர் ஊற்றினால் கலந்துவிடும், வெண்ணெய்மேல் ஊற்றினால் வழிந்தோடும் என்பதே அதற்குச் சாட்சி. உருக்கும்போது அந்த நீர்தான் சடசடவென்று பொரிந்து வெளியேறுகிறது. சத்தம் அடங்கியதும் நெய் இறக்கப்படுகிறது.