மஞ்சள் நிலம், ஊதா நிலம்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது ஏறக்குறைய 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பல நிறங்களாகப் பிரித்தது. இந்திய நகர வரைபட வழக்கப்படி குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழிற்சாலை ஊதா, பள்ளி, மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் சிவப்பு, பூங்காவும் திறந்தவெளியும் பச்சை.

இந்த நிறங்களைப் பூசுவதற்கு முன், எந்த இடத்தில் வீடு, எங்கே கடை, எங்கே பட்டறை, எங்கே வயல் என்று களத்தில் கணக்கெடுக்கிறார்கள். அதன்மேல் சாலைகளையும் வருங்கால மக்கள்தொகைக் கணிப்பையும் பொருத்தி வரைவைத் தயாரிக்கிறார்கள். வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்லப் பொதுமக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அரசு ஒப்புதல் தந்து அரசிதழில் வந்த பிறகே நிறம் சட்டமாகிறது.

நிறத்தை நிலத்தோடு கட்டிப்போடுவது சர்வே எண். கிராம வரைபடத்தின் புலக் கோடுகளை அடியில் வைத்துத்தான் மண்டல எல்லைகளைப் போடுகிறார்கள். அதனால் தெருப்பெயரைச் சொல்லி மண்டலம் கேட்டால் பதில் கிடைக்காது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவை வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். ஒருவர் புறநகரில் ஒரு மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டாவில் 'புஞ்சை' என்று இருக்கிறது, பக்கத்து மனைகளில் வீடுகள் இருக்கின்றன. வரைபடத்திலோ அந்த சர்வே எண்ணின் பாதி மஞ்சள், மீதி ஊதா. பட்டாவில் உள்ளது வருவாய்த் துறையின் வகைப்பாடு, திட்ட மண்டலம் அல்ல. பக்கத்து வீடுகள் திட்டத்துக்கு முன்பே கட்டப்பட்டவையாக இருக்கலாம். வாங்கும் உட்பிரிவு கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதே கேள்வி. அதைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, குழுமத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறாமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து.

மஞ்சளிலும் இரண்டு வகை உண்டு. முதன்மைக் குடியிருப்பில் வீடுகளோடு அன்றாடத் தேவைக்கான சிறு கடைகள் போன்ற சிலவற்றுக்கே இடம். கலப்புக் குடியிருப்பில் இன்னும் பல பயன்பாடுகள் அனுமதிக்கப்படுகின்றன. நிறத்துக்கு மேலே இன்னோர் அடுக்கும் இருக்கிறது. செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்புநிலம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள். நீரைக் காக்கும் இந்த அடுக்கைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்புவது போதாது.

நிறம் மாறவும் செய்யும். உரிமையாளர் விண்ணப்பித்து, பொது அறிவிப்பும் ஆட்சேபங்களும் பரிசீலனையும் முடிந்து, சட்டத்தின் 32(4)-ஆம் பிரிவின்கீழ் குறிப்பிட்ட சர்வே எண் வேறு மண்டலத்துக்கு மாற்றப்படுகிறது. 2008-இல் வெளியான வரைபடத்தில் இந்த மாற்றங்கள் தெரியாது. எனவே மனை வாங்குபவர், அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதும் மறுவகைப்பாட்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.