தேர்வெழுதும் பிள்ளைக்கு என்ன பரிசு?

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உறவினர் என்னிடம் ஒரு வினாவோடு வருவது வழக்கம். “சாமி, பிள்ளைக்கு மார்ச்சு மாதம் அரசுப் பொதுத் தேர்வு. மனத்திற்கு இதமாகவும் இருக்க வேண்டும், படிப்பையும் கெடுக்கக் கூடாது. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?” என்பதே அது. சென்ற ஆண்டு இதே வினாவோடு வந்தவர் ஒரு பையனின் தாய்மாமன். அவனுக்கு ஞானத்தந்தையும் அவரே. அந்த வீட்டில் நடந்ததை அவர்களின் இசைவோடு இங்கு எழுதுகிறேன். பெற்றோர்க்கு அது பயன்படும்.

பையனுக்கு வயது பதினைந்து. “பொதுத் தேர்வில் 500-க்கு 450 எடுத்தால் புதுக் கைப்பேசி” என்று தந்தை சூன் மாதமே வாக்களித்திருந்தார். காலாண்டுத் தேர்வில் பையன் பெற்றது 362. அதன்பின் அவன் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதே அரிதாயிற்று. தந்தை இதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டார். ஒரு நாள் மாலை, ஆலய முற்றத்தில் பையன் என்னிடம் வேறு கதை சொன்னான்: “இன்னும் 88 மதிப்பெண் வேண்டும், சாமி. அது என்னால் ஆகாது. கைப்பேசி எப்படியும் கிடைக்கப் போவதில்லை. பிறகு எதற்குப் படிப்பது?”

அன்பர்களே, ஊக்கத்திற்காக வைத்த பரிசே ஊக்கத்தைக் கொன்றுவிட்டதைப் பாருங்கள். 362-இலிருந்து 400-க்கு உயர்வது நல்ல முன்னேற்றம்; அது அவனால் ஆகக்கூடியதே. ஆனால் 450 என்ற எல்லைக் கோட்டின் முன்னே 400-ம் தோல்வியாகத் தெரிந்தது. எட்வர்ட் டெசி என்னும் அமெரிக்க உளவியலார் 1971-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. மாணவர்க்குப் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும் விடை கண்டதற்குப் பணம் அளித்தார். பணம் நின்றபின், அவர்கள் ஓய்வு நேரத்தில் அப்புதிரைத் தொடுவது குறைந்தது. விருப்பத்தோடு செய்த செயல் கூலிக்குச் செய்யும் வேலையாக மாறியிருந்தது. ஆகவே முதல் விதி இது: மதிப்பெண்ணுக்கு விலையாகப் பேசப்படுவது பரிசன்று, அது பேரம்.

தாய்மாமன் எண்ணியதோ கேரம் பலகை. அதுவும் வேண்டாம் என்றேன். நல்ல விளையாட்டுதான், ஆனால் அதற்கு இன்னும் ஒருவராவது வேண்டும், ஓர் ஆட்டம் முடிந்ததும், தோற்றவன் மறு ஆட்டம் கேட்பான். தேர்வுக் காலப் பரிசுக்கு நான் கைக்கொள்ளும் உரைகல் ஒன்றே: அது பிள்ளையை மேசையிலிருந்து எழுப்ப வேண்டும், கால் மணி நேரத்தில் தானே முடிந்து, அவனை மேசைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். முடிவே இல்லாத பொழுதுபோக்கு எதுவும் இப்பரீட்சையில் தேறாது. கைப்பேசி தேறாததும் அதனாலேயே.

இருவருமாகக் கலந்து மூன்று பொருள்களைத் தெரிந்துகொண்டோம்.

முதலாவது, மணியடிக்கும் மேசைக் கடிகாரம். தாயின் கைப்பேசியில்தான் பையன் விடியற்கால மணி வைத்திருந்தான். அந்தச் சாக்கில் அது இரவெல்லாம் அவன் தலைமாட்டில் இருந்தது. உறக்கம் நள்ளிரவைத் தாண்டியது. இவ்வயதினர்க்கு எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. பகலில் படித்தது நினைவில் ஊன்றுவதும் உறக்கத்திலேதான். கடிகாரம் வந்தபின் கைப்பேசி பெற்றோர் அறைக்குச் சென்றது. இரவு 9.45-க்குப் படுத்து, காலை 5.45-க்கு எழுவது வழக்கமாயிற்று. ஒரு தவறும் நேர்ந்தது. முதலில் வாங்கிய கடிகாரம் ‘டிக், டிக்’ என்று ஓயாது ஒலிக்க, பையன் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். நொடிமுள் ஓசையின்றிச் சுழலும் வகையாக மாற்ற வேண்டியதாயிற்று. வாங்குவோர் கடையிலேயே காதருகே வைத்துப் பார்ப்பது நலம்.

இரண்டாவது, தாண்டு கயிறு. நாளெல்லாம் குனிந்திருக்கும் உடலுக்கு இதைவிடச் சுருக்கமான இளைப்பாற்றல் அரிது. துணை வேண்டாம், மைதானம் வேண்டாம், வெற்றி தோல்வியும் இல்லை. நீளம் மட்டும் பொருந்த வேண்டும்: கயிற்றின் நடுவில் காலூன்றி நின்றால், கைப்பிடிகள் அக்குள் அளவுக்கு வர வேண்டும். கூடுதல் நீளமானால் கால் இடறும்; பிள்ளை மூன்றாம் நாளே ஆணியில் மாட்டிவிடுவான். அரை நிமிடம் தாண்டுவது, அரை நிமிடம் நிற்பது என்று பத்து நிமிடம் போதும். மூச்சு வாங்குவதே “போதும்” என்று சொல்லிவிடும். பையன் முதலில் இரவு உணவு முடிந்ததும் தாண்டி, வயிற்று வலியால் துன்புற்றான். பின்பு பள்ளியிலிருந்து வந்து, மாலைப் படிப்புக்கு அமருமுன் தாண்டலானான்.

மூன்றாவது, ஒரே வகையான பத்துப் பேனாக்கள். இது என்ன பரிசு என்று தாய்மாமன் நகைத்தார். தேர்வுக்கு முந்தின நாள் அழகிய பெட்டியில் விலையுயர்ந்த உலோகப் பேனாவைத் தருவதே நம்மவர் பழக்கம். மூன்று மணி நேரம் எழுதும் கைக்கு அப்பாரம் ஒரு சுமை. பழகாத பேனா எழுத்தையும் கோணலாக்கும். எனவே இலேசான, மை திட்டாத பேனாவைப் பையனே கடையில் எழுதிப் பார்த்துத் தெரிந்தெடுத்தான். சனவரியிலிருந்து மாதிரித் தேர்வுகளை அதைக்கொண்டே எழுதினான். ஒவ்வொன்றாய் மை தீர்ந்தபோது அவற்றை எறியாமல் குவளையில் சேர்த்து வைத்தான். பிப்ரவரி இறுதியில் நான் சென்றபோது, நான்கு வெறும் பேனாக்களை எடுத்துக் காட்டி, “இவ்வளவு எழுதியிருக்கிறேன், சாமி” என்றான். மதிப்பெண் எதிர்காலத்தைப் பற்றியது. இந்த நான்கும் தான் செய்து முடித்த உழைப்பின் சான்று. அவனுக்கு ஊக்கம் தந்தது அதுவே.

ஆயினும் இவையெல்லாம் பயன் தந்தது தந்தையின் ஒரு சொல்லால்தான். புத்தாண்டு இரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அவர் மகனிடம், “450 என்று நான் சொன்னதை மறந்துவிடு. கடைசித் தேர்வு முடிந்த வாரமே நாம் எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போகிறோம். முடிவு வருமுன்னே போகிறோம்” என்றார். அந்த ‘முன்னே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிவுக்குப் பின் என்றால் அது கூலி. முன்னே என்றால் அது அன்பு. பையன் அன்றிரவு ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் காலை கணக்குப் புத்தகம் மேசைமேல் இருந்தது என்று தாய் சொன்னார்.

தேர்வு முடிந்தது. குடும்பம் ஆரோக்கிய அன்னையின் திருத்தலம் சென்று, மெழுகுதிரி ஏற்றி, கடலில் கால் நனைத்துத் திரும்பியது. மே மாதம் வந்த மதிப்பெண் 409. பழைய பேரத்தின்படி அவனுக்கு ஒன்றும் கிடைத்திராது. ஆனால் தந்தை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது, அவர் முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை. “41 குறைவு என்று இப்போது தோன்றவில்லை, சாமி, 47 கூடுதல் என்றுதான் தோன்றுகிறது” என்றார்.

இவ்வாண்டும் விழா வருகிறது. பரிசு வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், நீங்கள் உங்கள் பிள்ளையிடம் பேரம் ஏதும் பேசியிருந்தால், அதை முதலில் திரும்பப் பெறுங்கள். கடிகாரமும் கயிறும் பேனாவும் அதற்குப்பின் வரட்டும்.