பதினெட்டைவிடப் பன்னிரண்டு பெரிதாகும் கணக்கு

குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டப் பகுதிகளில், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே, கைமாற்றுக் கடனின் வட்டியை ஆண்டுச் சதவீதமாகச் சொல்வதைவிட நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று சொல்வதே பழக்கம். ‘ஒரு ரூபாய் வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். இந்தக் கணக்கில் மறைவு எதுவும் இல்லை. ஏனெனில் கடன் வாங்கியவர் மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டி, முதலை இறுதியில் ஒரே தொகையாகத் திருப்புகிறார். முதல் முழுவதும் அவர் கையிலேயே இருப்பதால், முழு முதலுக்கும் வட்டி கேட்பது முறையானதே. நகைக்கடன்களிலும் முதலைக் கடைசியில் மொத்தமாகச் செலுத்தும் வகைக்கு இதே நியாயம் பொருந்தும்.

சிக்கல் தொடங்குவது, முதலையும் வட்டியையும் சேர்த்து மாதத் தவணையாகக் கட்டும் தனிநபர் கடனுக்கும் இதே கணக்கைக் கொண்டுவந்து பொருத்தும்போதுதான். முதல் மாதந்தோறும் குறைந்துகொண்டே போனாலும், தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போடும் முறை ‘ஃப்ளாட் வட்டி’ எனப்படுகிறது. ஒவ்வொரு மாதமும் உண்மையில் நிலுவையில் இருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி போடும் முறை ‘குறையும் இருப்பு வட்டி’. கடன் காலம் முழுவதும் வட்டி வீதம் மாறாது என்று பொருள்படும் ‘நிலையான வட்டி’ என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறான செய்தி. நிலையான வட்டியுள்ள கடன் இவ்விரு முறைகளில் எதிலும் அமையலாம்.

பால்வெட்டுத் தொழிலில் இருக்கும் ஒரு குடும்பம் வீட்டுக்கூரையை மாற்றுவதற்காக 1,20,000 ரூபாயை 12 மாதத் தவணையில் 12 சதவீத வட்டிக்கு வாங்குகிறது என்று கொள்ளலாம். ஃப்ளாட் முறையில் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும்: ஓராண்டு வட்டி 14,400 ரூபாய், அதை முதலோடு கூட்டினால் 1,34,400 ரூபாய், பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தவணை 11,200 ரூபாய். குறையும் இருப்பு முறையில் மாத வட்டி ஒரு சதவீதம் என்பதால், முதல் மாதம் 1,200 ரூபாய் வட்டி வருகிறது. தவணையான 10,662 ரூபாயில் அது போக மீதி 9,462 ரூபாய் முதலில் கழிகிறது. இரண்டாம் மாதம் நிலுவை 1,10,538 ரூபாயாக இருப்பதால் வட்டி 1,105 ரூபாயாகக் குறைகிறது. தவணைத் தொகை மாறாததால், குறைந்த வட்டியின் அளவுக்கு முதலில் கூடுதலாகக் கழிகிறது. இப்படியே நடந்து ஆண்டு முடியும்போது மொத்த வட்டி ஏறக்குறைய 7,942 ரூபாயில் நின்றுவிடுகிறது. இரண்டு கடனிலும் சொல்லப்பட்டது 12 சதவீதம்தான். ஆயினும் வட்டியில் உள்ள வேறுபாடு 6,458 ரூபாய்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கடைசித் தவணை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஃப்ளாட் முறையில் ஒவ்வொரு தவணையிலும் 10,000 ரூபாய் முதலுக்கும் 1,200 ரூபாய் வட்டிக்குமாகப் பிரிகின்றன. ஆகவே பன்னிரண்டாம் மாதத்தில் கடனாக மீதியிருப்பது 10,000 ரூபாய் மட்டுமே. அந்தப் பத்தாயிரத்தை ஒரு மாதம் வைத்திருந்ததற்கு வாங்கப்படும் வட்டி 1,200 ரூபாய், அதாவது நூற்றுக்கு மாதம் 12 ரூபாய். ஒரு ரூபாய் வட்டி என்று தொடங்கிய கடன், அதன் சொந்தக் கணக்கின்படியே, முடியும் மாதத்தில் பன்னிரண்டு ரூபாய் வட்டியாகியிருக்கிறது. குறையும் இருப்பு முறையில் அதே கடைசி மாதத்தின் வட்டி 106 ரூபாய்க்கும் குறைவு.

ஃப்ளாட் வட்டியின் உண்மை வீதத்தை மனக்கணக்காக அறிய, சராசரி நிலுவையைப் பார்த்தால் போதும். முதல் மாதம் 1,20,000, அடுத்து 1,10,000 என்று இறங்கிக் கடைசியில் 10,000 வரை வரும் நிலுவைகளின் சராசரி 65,000 ரூபாய். ஓராண்டு முழுவதும் குடும்பத்தின் கையில் சராசரியாக இருந்த கடன் அவ்வளவுதான்; அதற்கு 14,400 ரூபாய் வட்டி என்றால் ஏறக்குறைய 22 சதவீதம். இது சற்றே மிகையான மதிப்பீடு, ஏனெனில் முறையான கணக்கில் தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு கூடுதலாகவும் முதலின் பங்கு குறைவாகவும் இருப்பதால் நிலுவை இவ்வளவு விரைவாக இறங்குவதில்லை. துல்லியமான வீதம் வேண்டுவோர் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள விரிதாளில் பின்வரும் வாய்பாட்டை இடலாம்:

```
=RATE(12,-11200,120000)*1200
```

தவணைகளின் எண்ணிக்கை, தவணைத் தொகை, கைக்கு வந்த கடன் ஆகிய மூன்றே அதில் உள்ளவை. கிடைக்கும் விடை 21.46. எனவே ஃப்ளாட் 12 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டியது குறையும் இருப்பில் 21.46 சதவீதத்தையே. மூன்றாண்டுக் கடனாயினும் அது 21.2 சதவீதத்துக்கு அருகிலேயே நிற்கும். குறையும் இருப்பில் 18 சதவீதம் கேட்கும் இன்னொருவரிடம் அதே 1,20,000 ரூபாயை ஓராண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 11,002 ரூபாய்தான். காதுக்குப் பெரிதாகக் கேட்கும் பதினெட்டு, பன்னிரண்டைவிட மாதம் ஏறக்குறைய இருநூறு ரூபாய் மலிவு. கால அளவும் கைக்கு வரும் தொகையும் ஒன்றாயிருக்குமானால், சதவீதத்தை விட்டுவிட்டுத் தவணைத் தொகைகளை மட்டும் ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

கைக்கு வரும் தொகை என்பதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேற்சொன்ன ஃப்ளாட் கடனில் இரண்டு சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் முன்கூட்டியே பிடிக்கப்பட்டால் 2,832 ரூபாய் குறைந்து 1,17,168 ரூபாய்தான் கைக்கு வரும். தவணையோ 11,200 ரூபாயாகவே இருக்கும். வாய்பாட்டின் கடைசி எண்ணை அதற்கேற்ப மாற்றினால் விடை 26-ஐத் தாண்டுகிறது. கட்டணங்களையும் உள்ளடக்கிய இத்தகைய ஆண்டு வீதத்தைக் கடன் கொடுப்போர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கா 1968-லேயே சட்டம் இயற்றியது. இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அதன் கட்டுப்பாட்டிலுள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும், கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில், முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். ‘ஏ.பி.ஆர்.’ என்று அதில் குறிக்கப்படுவது இந்த முழு வீதமே. மாதவாரியாக முதலும் வட்டியும் பிரியும் அட்டவணையும் அதனுடன் இருக்க வேண்டும். பதிவின்றி வட்டிக்கு விடுவோரிடம் இந்தத் தாள் கிடைக்காது. அங்கே மேற்கண்ட மனக்கணக்கே துணை.

பால்வெட்டை நம்பிய குடும்பத்துக்கு இதில் இன்னொரு விளைவும் உண்டு. மழை விடாது பெய்யும் நாள்களிலும், இலையுதிர்ந்த மரங்களுக்கு ஓய்வு கொடுக்கும் காலத்திலும் வருமானம் சுருங்கும். பால் நன்றாக இறங்கும் மாதங்களில் கையில் கொஞ்சம் மிஞ்சும். அப்படி மிஞ்சும் 20,000 ரூபாயைக் குறையும் இருப்புக் கடனில் முன்கூட்டியே கட்டினால், அடுத்த மாதமே வட்டியில் 200 ரூபாய் குறைகிறது. ஃப்ளாட் கடனில் வட்டி முதல் நாளிலேயே மொத்தமாகக் கணக்கிடப்பட்டுவிடுவதால், முன்கூட்டிக் கட்டும் பணத்துக்கு வட்டிக் கழிவு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் ஒழிய, அந்த 200 ரூபாய் குறையாது.