படுதாவும் கோழியின் மூச்சும்

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலையின் அடிவாரத்தை நோக்கிச் செல்லுகையில், மரவள்ளிக் காடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் தாழ்ந்த கூரைகள் ஆங்காங்கே கண்ணில் படும். நாமக்கல் என்றதும் முட்டையே நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் இக்கூரைகளில் சில, கூண்டில் நின்று முட்டையிடும் கோழிகளுக்காக அன்றி, தரையில் பரப்பிய கூளத்தின்மேல் ஆறு வார காலம் வளர்ந்து இறைச்சிக்குச் செல்லும் கறிக்கோழிகளுக்காக எழுந்தவை. பக்கச் சுவர் என்று சொல்லத்தக்கது அவற்றில் ஒன்றரை அடி உயரமே இருக்கும். அதற்குமேல் கூரை வரையில் வெறும் கம்பிவலையும், அவ்வலையின் வெளிப்புறத்தில் கயிற்றில் இழுபடும் படுதாவுமேயன்றி வேறொன்றும் இல்லை. மின்விசிறிகளின் பலத்தால் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் மூடிய கொட்டகைகளைப் போலன்றி, இங்கே சீதோஷ்ணத்தை ஆள்வதற்கு இயற்கையின் காற்றும் அந்தப் படுதாவுமே சாதனங்கள்.

கோழியின் சரீர உஷ்ணம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. தன் உடலில் பிறக்கும் உஷ்ணத்தைச் சாதாரண நாட்களில் அது சுற்றியுள்ள காற்றிடம் ஒப்படைத்துவிடுகிறது. காற்றும் சூடேறி அதை ஏற்க மறுக்கும்போது, வாயைத் திறந்து விரைவாக மூச்சிரைத்து, சுவாசப் பாதையின் ஈரத்தை ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. காற்றின் வேகமும் ஈரமும் கோழிக்கு ஏன் உயிர்நாடியானவை என்பது இதனால் விளங்கும்.

இருபத்தைந்து அடி அகலமும் நூற்றிருபது அடி நீளமும் உடைய ஒரு கொட்டகையை உதாரணமாகக் கொள்வோம். அகலம் முப்பது அடியை மிஞ்சினால் ஒரு பக்கத்தில் நுழைந்த காற்று நடுவிலேயே தளர்ந்துவிடும் என்பதால், நீளத்தை எவ்வளவு கூட்டினாலும் அகலத்தை இவ்வளவில் நிறுத்துவதே நம் வழக்கம். தரைப்பரப்பு 3,000 சதுர அடி. கோழிக்கு ஒரு சதுர அடி என்ற பொதுக்கணக்கின்படி இதில் 3,000 கோழிகள் வளரலாம். மார்கழி மாதத்தில் இவை ஐந்தாம் வாரத்தை எட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, முதலில் குளிர்காலத்தைப் பார்ப்போம்.

மலையடிவாரத்தின் குளிர்ந்த இரவில் பண்ணைக்காரருக்குத் தோன்றும் முதல் எண்ணம், படுதாவை இருபுறமும் இடைவெளியின்றி மூடிவிட வேண்டும் என்பதே. இரக்கத்தால் செய்யும் காரியம்தான்; ஆனால் அதன் விளைவு வேறாகிவிடுகிறது. அவ்வயதில் ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லி நீர் பருகும். மூவாயிரம் கோழிகளுக்கு 900 லிட்டர் ஆகிறது. அதில் ஒரு சிறு பங்கே சரீரத்தில் தங்க, எஞ்சிய 700 லிட்டர் அளவும் மூச்சாகவும் எச்சமாகவும் கொட்டகைக்குள்ளேயே வந்து சேர்கிறது. காற்று அதை ஆவியாகச் சுமந்து வெளியேற்றவில்லையானால் கூளம் நனையும். நனைந்த கூளத்தில் எச்சம் சிதைந்து அம்மோனியா கிளம்பும். அவ்வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் அரித்து நோய்க்கு வழிதிறக்கும். விரைந்து வளரும் கோழிகளில், குளிரும் பிராணவாயுக் குறைவும் சேர்ந்து இருதயத்துக்குப் பளு ஏற்றுவதால், வயிற்றில் நீர் கோத்துச் சாகும் வியாதியும் இப்பருவத்தில் தலைகாட்டும்.

எனவே படுதாவை எவ்வளவு மூடுவது என்பதைவிட எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது என்பதே முக்கியமான கேள்வி. கடைத் திரையைப்போல் மேலிருந்து தொங்கவிட்டு, கீழ்ப்புறத்தைச் சுருட்டித் திறக்கும் படுதா, குளிர்காற்றை நேரே தரையில் படுத்திருக்கும் கோழியின்மேல் வீசச் செய்கிறது. அதன் அடியைக் குட்டைச்சுவரில் பிணைத்து, மேல் விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்குமாறு அமைத்தாலோ, இரவில் அதை உயர்த்தி மேலே ஓரடி அளவு இடைவெளி விட்டுவைக்கலாம். உள்ளே வரும் குளிர்காற்று கூரையடியில் தேங்கிய வெப்பக் காற்றோடு கலந்து மிதமாகிய பின்னரே கீழிறங்கும். ஈரமும் வாயுவும் அந்த இடைவெளி வழியே வெளியேறும். வாடைக்காற்று வீசும் வடபுறத்தில் சற்றுக் கூடுதலாகவும், எதிர்ப்புறத்தில் சற்றுக் குறைவாகவும் உயர்த்துவது நன்று. முதல் வாரத்துக் குஞ்சுகளுக்கு 32, 33 டிகிரி உஷ்ணம் வேண்டியிருப்பதால் படுதா அதிக நேரம் மூடியே இருக்குமாயினும், அப்போதும் மேலிடைவெளியை அடைத்தல் கூடாது. குஞ்சுகள் விளக்கின் அடியில் குவிந்தால் குளிர். விலகி ஓரத்தில் நின்று வாய் திறந்தால் உஷ்ணம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால், எதிர்ப்பக்கத்துப் படுதாவில் எங்கோ ஒரு கிழிசல் இருக்கிறது என்று பொருள்.

அம்மோனியாவை அறிய நம் மூக்கு உதவுமா என்றால், நாள்தோறும் உள்ளே உழல்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. ஆகவே விடியற்காலையில் வெளிக்காற்றை நன்கு சுவாசித்துவிட்டு உள்ளே சென்று, கோழியின் தலைமட்டத்துக்குக் குந்தி, கண் கரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கினால், கையைத் திறந்ததும் அது உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது. அந்நிலையில் கூளத்தைக் கிளறி, கட்டியானவற்றை அகற்றி, உலர்ந்த தேங்காய் நார்க்கழிவைத் தூவுவதோடு படுதாவையும் மேலும் சற்று இறக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வது வீண் உழைப்பு.

இனிக் கோடை. அதே கொட்டகையில் சித்திரை மாதத்தில் இரண்டு கிலோ எடையுள்ள 3,000 கோழிகள் நின்றால், கோழிக்குப் பதினெட்டு வாட் என்ற அளவில், ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் ஐம்பதுக்கு மேல் இடைவிடாது எரிவதற்குச் சமமான உஷ்ணம் அங்கே பிறக்கிறது. படுதா முழுவதும் இறங்கியிருந்தாலும், கோழிகள் தோளோடு தோள் நெருங்கிக் கூளத்தை மூடி உட்கார்ந்துவிட்டால், காற்று அவற்றின் முதுகை மட்டுமே தடவிச் செல்லும். இடைநடுவிலும் அடியிலும் அனல் தேங்கும். அதனால்தான் கோடையில் கோழிக்கு 1.2 சதுர அடி வேண்டும் என்கிறோம். நம் கொட்டகைக்கு அது 2,500 கோழி. வறண்ட நடுப்பகலில் கூரையில் நீர் தெளிப்பதும், உள்ளே நீர்ப்புகை தூவுவதும் நல்ல பலன் தரும். உண்ட தீவனம் செரிக்கையில் உடலில் சூடு கூடுமாதலால், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை தீவனத்தை விலக்கி, குளிர்ந்த நீரைத் தாராளமாக வைப்பதும் வழக்கம்.

ஆனால் கோழிகள் கூட்டமாக மடிவது பெரும்பாலும் அந்த வறண்ட நடுப்பகலில் அன்று. கோடை மழை ஒன்று சிறிது பெய்து ஓய்ந்து, காற்று அசைவற்று, புழுங்கும் மாலைப்பொழுதே மிகக் கொடியது. வெப்பமானியில் பாதரசம் இறங்கியிருக்கும். ஆயினும் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் கோழியின் மூச்சிரைப்பு பயனற்றுப் போகிறது. அவ்வேளையில் நீர்ப்புகை தூவுவது எரியும் நெருப்பில் நெய் வார்ப்பதாகும். மழைச் சாரலுக்கு அஞ்சி ஏற்றிய படுதாவை மழை நின்ற கணமே இறக்கி, விசிறி இருப்பின் சுழலவிட்டு, உட்கார்ந்த கோழிகளிடையே மெதுவாக நடந்து அவற்றை எழுப்பி, அடியில் அடைபட்ட அனலை வெளிவிட வேண்டும்.

படுதாவை மணிக்கொரு முறை மாற்றலாம். கோழிகளின் எண்ணிக்கையை அவ்வாறு மாற்ற முடியாது. பங்குனியில் வந்திறங்கும் குஞ்சு சித்திரையில்தான் இரண்டு கிலோவாகிறது. எனவே அந்த அனலுக்கான முடிவு, உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகளை எண்ணி விடும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஒப்பந்தமுறையில் வளர்ப்பவருக்கு அவ்வெண்ணிக்கையைப் பெரும்பாலும் குஞ்சு தரும் நிறுவனமே தீர்மானிக்கிறது. 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, வானிலை முன்னறிவிப்போடு கோழிப்பண்ணைகளுக்குரிய யோசனைகளையும் சேர்த்து வெளியிட்டு வருகிறது. ஆயினும் ஆறு வாரம் கழித்து வரப்போகும் ஒரு புழுக்கமான மாலையை எந்த முன்னறிவிப்பும் குறித்துச் சொல்ல இயலாது. ஆதலால், மாசி முடிந்து குஞ்சு விட ஒப்பும் பண்ணைக்காரர்கள், வண்டி வருமுன் தரைப்பரப்பை அளந்து, 1.2ஆல் வகுத்து, அந்த எண்ணையே கேட்டு வாங்குவார்களாக.