காதில் விழாத முதல் சொல்

கைப்பேசி வரைபடத்தின் குரல் “இடதுபுறம் திரும்பவும்” என்று சொல்லி முடிக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவருக்கு அந்த வாக்கியத்தில் தேவைப்படுவது ஒரே சொல்தான்: இடதா, வலதா. அந்தச் சொல் பாட்டிலோ காற்றிலோ கரைந்துபோனால் பார்வை தானாகவே திரைக்குத் தாவுகிறது. 2 விநாடி திரையைப் பார்த்தால், அதே வேகத்தில் 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமல் ஓட்டியதாக ஆகிறது. குரல்வழி காட்டும் வசதி வந்ததே பார்வையைச் சாலையில் வைத்திருக்கத்தான். ஆகவே குரல் சரியாகக் கேட்கிறதா என்பது வசதியைப் பற்றிய கேள்வி அல்ல, பாதுகாப்பைப் பற்றிய கேள்வி.

கேட்கவில்லை என்றதும் பெரும்பாலோர் ஒலியளவைக் கூட்டுகிறார்கள். இது பல நேரம் பலன் தருவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பாட்டும் வழிகாட்டும் குரலும் பொதுவாக ஒரே ஒலியளவுப் பொத்தானுக்குக் கட்டுப்பட்டவை. பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே உயரும். ஒரு குரல் புரிவதற்கு அது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதைவிட, சுற்றியுள்ள சத்தத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதே முக்கியம். இரண்டும் ஒரே அளவில் இருந்தாலும், பழகிய வாக்கியத்தைக் காது ஊகித்துக்கொள்ளும். “200 மீட்டரில்” என்று தொடங்கினாலே மிச்சத்தை மனம் நிரப்பிவிடுகிறது. முன்பின் கேட்டிராத தெருப்பெயரை அப்படி ஊகிக்க முடியாது. குரல் சத்தத்தைவிட 15 டெசிபல் அளவுக்கு உயர்ந்திருந்தால்தான் சிரமமில்லாமல் கேட்க முடியும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்புச் சத்தமாகத் தோன்றும் என்பதை வைத்துப் பார்த்தால், 15 டெசிபல் சிறிய இடைவெளி அல்ல.

அந்த இடைவெளியை உண்டாக்கக் கைப்பேசி செய்யும் வேலைதான் பாட்டைத் தாழ்த்துவது. பேச வேண்டிய நேரம் வந்ததும், வரைபடச் செயலி “சிறிது நேரம் ஒலிக்க இடம் வேண்டும்” என்று இயங்குதளத்திடம் கேட்கிறது. பாட்டு தாழ்கிறது, குரல் பேசுகிறது, பாட்டு பழைய நிலைக்கு ஏறுகிறது. முன்பெல்லாம் தாழ்த்தும் பொறுப்பு ஒவ்வொரு பாட்டுச் செயலிக்கும் உரியதாக இருந்தது. சில செயலிகள் செய்தன, சில செய்யவில்லை. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதல் இயங்குதளமே அதைச் செய்துகொள்கிறது. ஆப்பிள் கைப்பேசியிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு.

பேச்சு ஒலிக்கும்போது கதை வேறு. செய்தியோ சொற்பொழிவோ ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தாழ்த்துவது மட்டும் போதாது. ஒரு மனிதக் குரலை இன்னொரு மனிதக் குரல் எளிதில் குழப்பிவிடும். இரண்டும் ஒரே வகை ஒலிகளால் ஆனவை, மனமும் இரண்டையும் பின்தொடரப் பார்க்கும். அதனால், ஒலிப்பது பேச்சு என்று செயலி முறையாக அறிவித்திருந்தால், அதைத் தாழ்த்துவதற்குப் பதிலாக நிறுத்திவைத்துவிட்டு வழிகாட்டும் குரலுக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு இரு வகைக் கைப்பேசிகளிலும் இருக்கிறது. அறிவிக்காத செயலிகளில் இரு குரல்களும் மோதிக்கொள்கின்றன.

தன்னிடமிருந்து வரும் பாட்டை மட்டுமே கைப்பேசியால் தாழ்த்த முடியும். காரின் பண்பலை வானொலி ஒலித்துக்கொண்டிருந்தால் கைப்பேசிக்கு அது தெரியவே தெரியாது. இதற்குச் சில வரைபடச் செயலிகள் ஒரு சுற்றுவழி வைத்திருக்கின்றன. வழிகாட்டும் குரலைத் தொலைபேசி அழைப்பு போல வேடமிட்டு ப்ளூடூத் வழியாக அனுப்பும் அமைப்பு அது. அழைப்பு வந்ததாக நினைத்து கார் வானொலியை அடக்கிவிடும். ஆனால் அழைப்புத் தடம் திறக்க ஓரிரு விநாடி பிடிக்கலாம், குரலின் தரமும் குறையும். வானொலி கேட்டே தீரவேண்டும் என்பவருக்கு மட்டும் இது ஏற்றது.

ப்ளூடூத்தில் இன்னொரு குறை இருக்கிறது. அது தமிழ் வழிகாட்டலைத் தனியாகப் பாதிக்கிறது. எந்த ஒலியும் போகாதபோது, மின்கலத்தைச் சேமிக்க ப்ளூடூத் இணைப்பின் ஒலித்தடம் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஹெல்மெட் கருவியோ கார் ஒலிபெருக்கியோ தன் பெருக்கியையும் அணைத்துவைக்கிறது. குரல் திடீரென்று பேசத் தொடங்கும்போது அவை விழித்துக்கொள்ள அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை ஆகிவிடலாம். அதற்குள் பேசப்பட்டது காதுக்கு வராது.

ஆங்கிலத்தில் ‘டர்ன் லெஃப்ட்’ என்று சொல்லும்போது தொடக்கம் வெட்டுப்பட்டாலும் ‘லெஃப்ட்’ மிஞ்சும். திசைச்சொல் அங்கே கடைசியில் வருகிறது. தமிழில் வினை கடைசியில் நிற்பதால் திசை முன்னால் வந்துவிடுகிறது. “இடதுபுறம் திரும்பவும்” என்பதில் முதல் அரை விநாடி போனால் மிஞ்சுவது “...புறம் திரும்பவும்” மட்டும். திரும்பவேண்டும் என்று தெரிகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஓரசை மட்டும் போனாலும் ஆபத்துதான். ‘இடது’, ‘வலது’ இரண்டும் ஒரே ஈற்றில் முடிகின்றன. முதல் எழுத்தைக் கழித்தால் எஞ்சும் ‘டது’வையும் ‘லது’வையும் சத்தத்தில் பிரித்தறிவது கடினம். “200 மீட்டரில் இடதுபுறம்” என்ற முன்னறிவிப்பில் தூரம் முதலில் வருவதால் அந்த வாக்கியம் தப்பிவிடுகிறது. சந்திப்பை ஒட்டி வரும் குறுகிய கட்டளைதான் வெட்டுப்படுகிறது, மிகவும் தேவைப்படும் இடமும் அதுவே.

செங்கல்பட்டிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் சென்னையை நோக்கி வரும் ஒரு பைக் ஓட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் ஒலிபெருக்கி, வழிகாட்டல் தமிழில். பாட்டு ஓடும்போது எல்லாக் கட்டளைகளும் முழுதாகக் கேட்கின்றன. கவனம் சிதறுகிறதே என்று பாட்டை நிறுத்திய பிறகு, ஒவ்வொரு கட்டளையும் நடுவிலிருந்தே தொடங்குகிறது. முரணாகத் தோன்றும் இந்த அனுபவம்தான் நோயை அடையாளம் காட்டுகிறது. பாட்டு ஓடும்போது ஒலித்தடம் விழித்தே இருக்கிறது, நின்றதும் உறங்கிவிடுகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வரைபட அமைப்புகளில் உள்ள சோதனை ஒலியை இயக்கிப் பார்த்தால் உறுதியாகிவிடும். அமைதியிலும் தொடக்கம் வெட்டுப்பட்டால் குற்றம் காற்றுடையது அல்ல. பாட்டை மிகத் தாழ்வாக ஓடவிடுவதே எளிய மருந்து. கார் ஓட்டுபவருக்கு இன்னொரு வழி உண்டு: வழிகாட்டலை ப்ளூடூத்தில் அனுப்பாமல் கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் பேசவைப்பது.

சோதனையில் குரல் முழுதாகக் கேட்டு, வேகம் கூடியதும் மறைகிறது என்றால் அது காற்று. மணிக்கு 65 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் எஞ்சின் சத்தத்தை முந்திவிடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அது 95 முதல் 100 டெசிபல் வரை எட்டக்கூடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ‘நியாஷ்’ 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமும், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடமும் எல்லை வைத்திருக்கிறது. இந்த இரைச்சலுக்கு மேல் குரலை 15 டெசிபல் உயர்த்தப் பார்ப்பது காதைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. சிறிய ஒலிபெருக்கியும் அந்த அளவில் கரகரக்கத் தொடங்கிவிடும்.

காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி கொண்டது. தாழ்ந்த சுருதிச் சத்தம் மிகும்போது அது தன் எல்லையைத் தாண்டி உயர்ந்த சுருதி ஒலிகளையும் காதுக்குள் அமுக்கிவிடும். பேச்சில் உயிரெழுத்துகள் உரத்தவை, சொல்லை இன்னதென்று காட்டும் மெய்யெழுத்துகளின் நுண்ணொலிகளோ உயர்ந்த சுருதியில் மெலிந்து நிற்பவை. அதனால்தான் “யாரோ பேசுகிறார்கள் என்று கேட்கிறது, என்ன என்று புரியவில்லை” என்ற நிலை வருகிறது. ஒலிச் சமன்பாட்டு அமைப்பில் தாழ்சுருதியை, பலர் ஆசையாகக் கூட்டிவைக்கும் ‘பாஸ்’ ஒலியை, குறைத்து உயர்சுருதியைச் சற்றுக் கூட்டினால், ஒலியளவைத் தொடாமலே குரல் தெளியும். பாட்டின் சுவை குறையும், ஆனால் சாலையில் அது நியாயமான விலை.

ஹெல்மெட் கருவி வாங்கிய பலர் கவனிக்காத இடம் ஒலிபெருக்கி உட்காரும் இடம். உயர்சுருதி ஒலி நேர்க்கோட்டில் போகும் இயல்புடையது. காதுத்துளைக்கு நேராக இல்லாமல் ஒரு விரற்கடை விலகி, கன்னத்துக்கோ காதின் பின்புறத்துக்கோ நேராக இருந்தாலே மெய்யெழுத்துகள் மழுங்கும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பாட்டை ஓடவிட்டு, இரு கன்னப்பக்கங்களிலும் ஹெல்மெட்டை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவேண்டும். அசைக்கும்போது ஒலி சட்டென்று தெளிந்தால், ஒலிபெருக்கி இருக்கவேண்டிய இடம் அதுதான். உள்ளே காதுக்கென விட்டிருக்கும் குழிவில் அது பொருந்தவில்லை என்றால், பின்னால் மெல்லிய நுரைத்துண்டு வைத்துக் காதுக்கு அருகில் கொண்டுவரலாம்.

நீண்ட தூரம் ஓட்டுபவர்களில் பலர் காதடைப்பானும் போடுகிறார்கள். காதை அடைத்தால் குரல் கேட்குமா என்று தோன்றும். அது காற்றையும் குரலையும் சேர்த்தே குறைக்கிறது, இடைவெளி பெரிதாக மாறுவதில்லை. ஆனால் 100 டெசிபலில் திணறும் காது 80 டெசிபலில் நன்றாகப் பிரித்தறிகிறது. சாதாரண நுரை அடைப்பான் உயர்சுருதியை அதிகமாகத் தடுப்பதால், எல்லாச் சுருதிகளையும் ஓரளவு சமமாகக் குறைக்கும் வடிகட்டி வகையே இதற்கு உகந்தது. இரண்டு காதிலும் இறுக்கமாகச் செருகி இசை கேட்கும் இயர்போன் இதற்கு மாற்றாகாது. அது பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் மறைத்துவிடும்.

காரில் காற்றுப் பிரச்சினை குறைவு, குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. பல கார்களின் திரைகளில் பாட்டு, அழைப்பு, வழிகாட்டல் மூன்றுக்கும் தனித்தனி ஒலியளவு உண்டு. வழிகாட்டும் குரல் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில் குமிழைத் திருகினால்தான் அதன் அளவு மாறும். குரல் நின்றபின் திருகினால் பாட்டு மட்டுமே ஏறும். குரலே வரவில்லை என்று பழுது பார்க்கக் கொண்டுபோகும் கார்களில், எப்போதோ தெரியாமல் வழிகாட்டலின் அளவு பூஜ்யத்துக்கு இறங்கிப்போனவையும் இருக்கும். புறப்படும் முன் வண்டி நின்ற நிலையில் சோதனை ஒலியை ஓடவிட்டு, அது பேசும்போதே குமிழைத் திருகி வைத்துவிட்டால் போதும். வழிகாட்டலைக் கைப்பேசியிலேயே பேசவைப்பவர்கள் அதைக் கோப்பை வைக்கும் குழியில் போடக்கூடாது. பெரும்பாலான கைப்பேசிகளின் ஒலித்துளை அடிவிளிம்பில்தான் இருக்கிறது, குழியில் அது அடைபட்டுவிடும். கண்ணாடிக்கு அருகே தாங்கியில் நிறுத்தும்போதும் தாங்கியின் விரல்கள் அந்தத் துளையை மூடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இந்தியாவில் 2020இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்க்க மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கின்றன. ஓடும் வண்டியில் ஒலியளவையும் ப்ளூடூத் அமைப்பையும் தேடித் திருத்துவது அந்த வரம்புக்குள் அடங்காது. கட்டளை கேட்காமல் போய்விட்டால் நேரே போய்விடலாம். திருப்பம் தவறியதும் செயலி புதிய வழியைக் கணக்கிட்டு, அடுத்த சந்திப்புக்கு முன்னதாகவே மறுபடி பேசும்.